பதிலுக்கு முன்னால் ஒரு வெற்று வரி

என் மகளுக்கு நான் ஒரு வேடிக்கை சொன்னால், அவள் சிரிப்பு உடனே வராது. சொல்லி முடித்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன் கண்ணாடியில் அவள் முகம் ஒன்றும் கேட்காதது மாதிரி இருக்கும். சொன்னது நல்லாயில்லையோ என்று நான் நினைக்கத் தொடங்கும்போது திடீரென்று சிரிப்பாள். இந்த இடைவெளிக்குப் பழகவே எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

அவள் இருப்பது கனடாவில். கல்யாணமாகிப் போனவள், அங்கேயே ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். நாங்கள் இருப்பது கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். கடலையும் முந்திரியும் போட்டுப் பிழைக்கிறவர்கள். நான் ஒன்பதாவதோடு நிறுத்திக்கொண்டவன். என் சம்சாரம் அதற்கும் முன்னாலேயே. ஒரே பிள்ளை. எல்லாம் திருக்கோகர்ணத்து அம்பாள் கொடுத்தது.

நாங்கள் விளக்கு வைக்கிற நேரம் அவளுக்கு விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். அவள் வேலைக்கு உட்காருவதற்கு முன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுவாள். இங்கே ஆறு மணிக்கு வருகிற போன், குளிர்காலம் வந்தால் ஏழு மணிக்குப் போய்விடும். அவர்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கிறார்களாம்.

"மணியைக்கூடவா மாத்துவாங்க? சூரியனைக் கேட்டுக்கிட்டாங்களா?" என்றாள் என் சம்சாரம்.

"கேட்டுக்கிட்டுத்தாம்மா மாத்துறாங்க. அவர் இங்க லேட்டாத்தான் வாரார்" என்றாள் மகள்.

முதல் வருஷம் அந்த மாற்றம் தெரியாமல் ஆறு மணிக்கே போனை எடுத்து வைத்துக்கொண்டு, என்னமோ ஏதோ என்று நாங்கள் இரண்டு பேரும் அம்பாள் பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் வீட்டில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. சாமி அலமாரி இருக்கிற சுவர் ஓரம்தான் நன்றாக வரும். அதை என் சம்சாரம் சாமி அருள் என்கிறாள். அந்தப் பக்கம்தான் டவர் என்று மாப்பிள்ளை சொல்கிறார். இரண்டும் இருக்கலாம். அங்கே ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் அரிசி டின்னை வைத்து, டின்னில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறோம். டின் வருவதற்கு முன்னால் கையில் பிடித்துக்கொண்டு பேசினோம். அப்போது மகள் சொல்வாள், "எனக்கு உங்க நெத்தியும் ஃபேனும்தான் தெரியுது. ஃபேன் நல்லா இருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க?"

இந்தத் தாமதம் ஏன் வருகிறது என்று ஒருநாள் மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் பொறுமையானவர். நம் பேச்சையும் படத்தையும் போன் பொடிப்பொடியாக நறுக்கி, டவருக்கு அனுப்பி, அங்கிருந்து நிலத்துக்கடியிலும் கடலுக்கடியிலும் போகிற வயர் வழியாக அந்தக் கரைக்குக் கொண்டுபோய், திரும்ப ஒட்டவைத்துக் காட்டுகிறதாம். "நீங்க பேசுறது அங்கிட்டுப் போகணும், அவ பேசுறது இங்கிட்டு வரணும். போக வரச் சேர்த்துத்தான் மாமா அந்த நேரம்" என்றார். கடல் அடியில் போகிறதைக் கேட்டு என் சம்சாரம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

பழகுவதற்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது 'ம்' கொட்டுகிறதுதான். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் பேசினால் கேட்கிறவர் வாய்க்கு வாய் 'ம்' சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பேசுகிறவருக்குப் பேச்சு ஓடாது. நான் இங்கே 'ம்' என்பேன். அது அங்கே போய்ச் சேரும்போது அவள் அடுத்த பேச்சில் பாதியில் இருப்பாள். இரண்டு பேர் குரலும் ஒரே நேரத்தில் வந்தால் போன் ஒரு குரலை அமுக்கிவிடுமாம். ஸ்பீக்கரில் போட்டால் அப்படித்தானாம், எதிரொலி கேட்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆக, நான் சொல்கிற ஒவ்வொரு 'ம்'முக்கும் என் மகள் பேச்சில் ஒரு வார்த்தை அடிபட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவள் நிறுத்துவாள். நான் பேசப் போகிறேன் என்று நினைப்பாள். நான் அவள் பேசட்டும் என்று நிறுத்துவேன். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாக ஆரம்பிப்போம். "நீங்க சொல்லுங்கப்பா." "நீ சொல்லுத்தா." இப்படியே பாதி நேரம் போய்விடும். கடைசியில் அவள்தான் வழி சொன்னாள்: "ம் சொல்லாதீங்கப்பா, தலையாட்டுங்க." அன்றிலிருந்து நான் கோயில் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் என் சம்சாரம் சூடம் ஏற்றிச் சாமிக்குக் காட்டிவிட்டு, தட்டைப் போன் முன்னால் நீட்டுவாள். மகள் அங்கே இரண்டு கையையும் கண்ணாடிமேல் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொள்வாள். அது இங்கே தெரிகிறவரை தட்டை எடுக்க மாட்டாள் என் சம்சாரம். நான் அவசரப்படுத்தினால், "அவ இன்னும் எடுத்துக்கலங்க" என்பாள். அந்தத் தாமதக் கணக்கு அவளுக்கு மட்டும் நன்றாக விளங்கியிருந்தது.

போன ஆடி கழிந்ததும் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. எங்கள் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அவள் அவ்வளவு தூரத்தில் இருக்கிறதால், தாய்வீடு அங்கே போய்விட வேண்டியது என்று பேசிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் விசா எழுதிப்போட்டார் மாப்பிள்ளை. அதுவும் வந்துவிட்டது. என் சம்சாரம் சுக்கு, மிளகு, திப்பிலி என்று காயவைத்து இடித்துச் சலித்துப் பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிட்டாள். மகளும் "நீ வந்துருவேல்லம்மா, அப்புறம் எனக்கென்ன" என்று தினமும் சொல்வாள். அதைச் சொல்லித்தான் அன்றைய போனை வைப்பாள்.

கார்த்திகையில் என் சம்சாரத்துக்கு இடது கால் வீங்கியது. கடலைக் காட்டில் ஏதோ கடித்திருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டோம். வீக்கம் குறையவில்லை. கெண்டைக்கால் கல் மாதிரி ஆகிவிட்டது. தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், காலில் ஓடுகிற ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார். கட்டி கரைய மாத்திரை கொடுத்தார். நான் கனடா விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"இப்போதைக்கு அவ்வளவு நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்காரக் கூடாதுங்க. கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போனா ஆபத்து. கொஞ்ச மாசம் போகட்டும், பாத்துச் சொல்றேன்."

பிள்ளை பிறக்க இருப்பது பங்குனியில். பஸ்ஸில் திரும்பும்போது என் சம்சாரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள், "வாயும் வயிறுமா இருக்கிறவகிட்டச் சொல்ல வேணாங்க. அம்பாள் அதுக்குள்ள கரைச்சு விட்டுருவா."

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அதனால் தலையாட்டினேன்.

மகள் கேட்பாள், "முட்டி வலின்னியேம்மா, எப்படி இருக்கு?" முட்டி வலி என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். "அதெல்லாம் ஒண்ணுமில்லத்தா" என்பாள் இவள். காலை ஸ்டூலுக்குக் கீழே மறைத்துக்கொள்வாள், போனில் மார்புக்குக் கீழே தெரியாது என்றாலும்.

மார்கழி ஆரம்பத்தில் ஒருநாள் மகள், "அம்மா, டிக்கெட் போட்டுறவா? இப்பப் போட்டாத்தான் நல்ல நேரத்துக்குக் கிடைக்கும்" என்றாள்.

நான் பக்கத்தில் இருந்தேன். என் சம்சாரம் வாயைக் கொஞ்சம் திறந்தபடி, கண் கொட்டாமல், கை பாதி தூக்கினபடி அப்படியே நின்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. நெஞ்சுக்குப் போய்விட்டதோ என்று தோளைத் தொடப் போனேன். அவள் கண்ணோரத்தால் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. மழை நாளில் நெட் மக்கர் பண்ணினால் முகம் பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றுவிடுமே, அந்த மாதிரி நிற்கிறாள்! படம் நின்றுபோனது மாதிரி நடிக்கிறாள். என் ஆயுசில் இப்படி ஒரு யோசனை எனக்கு வந்திருக்காது.

"அம்மா? அம்மா, கேக்குதா?"

இவள் அசையவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அது கீழே விழுவதற்கு முன்னால் விரலை நீட்டிப் போனைக் கட் பண்ணிவிட்டாள்.

திரும்ப மகள் கூப்பிட்டதும், "நெட்டு இல்லத்தா. மழை மூட்டம்" என்றாள்.

"ஆமாம்மா, நெட்டுதான்" என்றாள் மகள். அத்தோடு வேறு பேச்சுப் பேசினார்கள். டிக்கெட் பேச்சு அன்றைக்கு வரவில்லை.

தை பிறப்பதற்கு முன்னால் ஒரு காலையில் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் நீளமாக ஒன்று வந்தது. அதற்கு மேலே இப்படி எழுதியிருந்தாள்: "அப்பா, இங்க நம்ம ஆளுங்க சேர்ந்து பொங்கல் வைக்கிறாங்க. ஆளுக்கு ஒண்ணு பாடணும் பேசணும்னாங்க. நான் ஒரு கவிதை எழுதியிருக்கேன். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. நீங்க ரெண்டு பேரும் சரின்னாத்தான் அங்க படிப்பேன்."

பள்ளிக்கூடத்தில் அவள் கட்டுரைப் போட்டியில் டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கிறாள். கவிதை எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். அடியில் இருப்பதுதான் அது.

எனக்கு விடிந்த பிறகு
அங்கே விளக்கு வைக்கிறார்கள்.

மழை பெய்ததா அம்மா?

பெய்தது. கிணற்றில் ஒரு முழம் ஏறியிருக்கிறது.
அப்பா சாப்பிட்டாரா?

இந்தா இங்கேதான் இருக்கிறார், கேளு.
ஒரு கேள்வி கடலுக்கு அடியில் போய்
பதிலைக் கூட்டிக்கொண்டு வர
இவ்வளவு நேரம் ஆகும்.
உலைக்கு எவ்வளவு தண்ணீர் என்று
அம்மாவின் கைக்குத் தெரிவது போல
எனக்கு அந்த அளவு தெரியும்.

கால் வலி எப்படி இருக்கிறது?


அதெல்லாம் ஒன்றுமில்லை.
முதல் வெற்று வரி கடலுடையது.
இரண்டாவது யாருடையது?

டிக்கெட் போடட்டுமா அம்மா?



அம்மா படமாகி நின்றாள்.
அவள் தலைக்குப் பின்னால்
காலண்டர் தாள் மட்டும்
எழுந்து எழுந்து விழுந்தது.

நெட்டு இல்லை என்றாள் பிறகு.

ஆமாம் அம்மா என்றேன்.
என் பதிலும் அங்கே
ஒரு வரி பிந்தித்தான் போயிருக்கும்.

நான் முதல் தடவை வாசித்தபோது எனக்கு என்ன பட்டது என்றால், எங்கள் போனில் பாதி வரி வந்து சேரவில்லை என்று. கேள்விக்குக் கீழே ஒரு இடத்தில் ஒரு வரி காலி, இன்னொரு இடத்தில் இரண்டு, அப்புறம் மூன்று. போனைத் தூக்கிச் சாமி அலமாரிப் பக்கம் காட்டிப் பார்த்தேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். காலி காலியாகவே இருந்தது.

அடுப்படியில் இருந்த சம்சாரத்தைக் கூப்பிட்டேன். "இந்தா, உன் மக கவிதை எழுதியிருக்கா. நடுவுல நடுவுல எழுத்து வரல. வந்தவரைக்கும் வாசிக்கிறேன், கேளு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். காலியான இடம் வந்தால், "இங்க ஒரு வரி இல்ல" என்று சொல்லிச் சொல்லி வாசித்தேன். கால் வலி வந்த இடத்தில் "இங்க ரெண்டு வரி இல்ல" என்றேன். அவள் வீங்கின காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். டிக்கெட்டுக்கு அப்புறம் "இங்க மூணு வரி வரல" என்றபோது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வராம இல்லங்க. அவ அங்க ஒண்ணும் எழுதல. அது நான் முழிச்ச முழி."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். மழைக்கு ஒரு காலி. என் சாப்பாட்டுக்கு ஒரு காலி. அது வயருக்கு ஆகிற நேரம். கால் வலிக்கு ஒன்று கூட. டிக்கெட்டுக்கு இன்னும் ஒன்று கூட. தராசில் எடை போட்ட மாதிரி என் மகள் எங்கள் மௌனத்தைப் போட்டு வைத்திருந்தாள். கடலின் தாமதத்தைக் கழித்துவிட்டு, மிச்சம் இருந்தது அம்மாவின் தாமதம் என்று கண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அதே மாதிரி, எழுதாத இடத்தில் எழுதியிருப்பதை வாசிக்க இவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஒன்பதாவது படித்த நான் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டு பேரையும் நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் இவளுக்குப் பெருமையில்லை. வெட்கம்.

"காலண்டரு ஆடுனதைப் பாத்துருக்கா பாருங்க. ஃபேனை நிறுத்தியிருக்கணும்" என்றாள்.

"ஃபேனை நிறுத்தப் போனா நீ அசைய வேண்டியிருக்கும்ல?"

"சிரிப்பா இருக்கு உங்களுக்கு. அவ அத்தனை சனத்துக்கு முன்னால வாசிச்சா, பெத்தவ பொய்க்காரின்னு அந்த ஊருக்கே தெரியும். வேணாம்னு சொல்லிருங்க."

"அவ பொய்யின்னு எங்க எழுதியிருக்கா? பாத்து எழுதியிருக்கா."

அவள் எழுந்துவிட்டாள். பகல் முழுக்க இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தாள். காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். சாயங்காலம் விளக்கை ஏற்றிவிட்டு வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "கடைசியில எழுதியிருக்காளே, அவ பதிலும் பிந்தித்தான் வந்துருக்கும்னு. நான் அதைக் கவனிக்கவே இல்லங்க. என் பொய்யை மறைக்கிற அவசரத்துல, அவ எனக்காகச் சொன்ன பொய்யை நான் கேக்கல" என்றாள். "அவளுக்கு எப்பவோ தெரியும். தெரிஞ்சும் தனியாக் கிடந்து பயப்படுறா. இனி மறைக்கிறதுதான் பாவம்."

ஏழு மணிக்குப் போன் வந்தது. மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வெள்ளை வெளேரென்று பனி. கையில் காபி. வயிறு இப்போது நன்றாகத் தெரிந்தது.

"படிச்சீங்களாப்பா? எப்படி இருக்கு?"

நான் பேசுவதற்கு முன்னால் இவள் முந்திக்கொண்டாள். "ஏத்தா, பாட்டு நல்லா இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மகள், "பாட்டு இல்லம்மா, கவிதை" என்று சிரித்தாள்.

"என்னமோ ஒண்ணு. அதுல கேட்டிருக்கியே, ரெண்டாவது காலி வரி யாரோடதுன்னு. அது என்னோடது. எனக்கு டிக்கெட் போட வேணாம் ஆத்தா. கால்ல ரத்தம் கட்டியிருக்கு. டாக்டரு பிளேன் ஏறக் கூடாதுன்னுட்டாரு. உன் பிரசவத்துக்கு அம்மாவால வர முடியாது."

தடுமாறாமல் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகும் எங்கள் மகள் அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள். பாட்டு என்று சொன்னதற்கான சிரிப்பு அது, இன்னும் முகத்தில் இருந்தது. காபியை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். நாங்கள் சொன்னது கடலுக்கடியில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அதைத் திரும்பக் கூப்பிட முடியாது. அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நான் அம்பாளை வேண்டினேன். என் ஆயுசில் நான் வேண்டினதிலேயே சின்ன வேண்டுதல் அதுதான்.

டம்ளர் பாதி வழியில் நின்றது. அவளுக்குப் பின்னால் ஜன்னலில் பனி விழுந்துகொண்டே இருந்தது.

"எந்தக் கால்ம்மா?" என்றாள் முதலில். மாத்திரை என்ன, வீக்கம் இருக்கா, மூச்சு வாங்குதா, காலை உயர்த்தி வைக்கிறியா என்று வரிசையாகக் கேட்டாள். இவள் ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் சொன்னாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் அழுதாள். "எனக்குப் பயமா இருக்கும்மா. நீ இல்லாம எப்படி?"

"நான் எங்க இல்லாம போறேன்? இந்தா டின்னுல சாஞ்சு நிக்கப் போறேன். இருபத்து நாலு மணி நேரமும் கூப்பிடு."

மாப்பிள்ளை பின்னால் வந்து அவள் தோளில் கை வைத்தார். "அத்தை, மாமாவுக்கு விசா இருக்குல்ல?" என்றார்.

இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

"நானா? நான் வந்து என்னத்தச் செய்ய? பிரசவ வீட்டுல ஆம்பளைக்கு என்ன வேலை?"

"இவருக்கு ரசத்துக்கு உப்புப் போடத் தெரியாது மாப்ள. பச்சப்புள்ளைய முறத்துல நெல்லு புடைக்கிற மாதிரி தூக்குவாரு" என்றாள் இவள். ஆனால் அப்படிச் சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. எனக்குத் தெரியும், மனசுக்குள்ளே பொட்டலங்களைப் பிரித்து எனக்கு எது எதற்கு என்று சொல்லித் தர ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், "அப்ப கவிதையைப் படிக்கட்டுமா?"

"படி. தாராளமாப் படி. ஆனா அந்தக் காலி இடத்துல அவசரப்படாத. நான் எவ்வளவு நேரம் முழிச்சேனோ அவ்வளவு நேரம் நில்லு."

பொங்கல் கூட்டத்தில் அவள் வாசித்தபோது மாப்பிள்ளை போனைப் பிடித்து எங்களுக்குக் காட்டினார். ஒரு பெரிய ஹாலில் கோட்டும் கம்பளியும் போட்ட நம் ஆட்கள். மூன்று காலி வரி வந்த இடத்தில் அவள் பேப்பரைப் பார்க்காமல் நிமிர்ந்து நின்றாள். கூட்டத்தில் ஓர் அம்மாள், மறந்துபோச்சு போல என்று பக்கத்தில் சொன்னது எங்களுக்கே கேட்டது. அப்புறம் அவரும் பேசாமல் ஆனார். ஹாலே அடங்கிவிட்டது. அவர்கள் எல்லாருக்கும் ஊரில் அப்பா அம்மா இருக்கிறார்கள், எல்லாரும் போனில் பேசுகிறவர்கள். அவள் முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் கைதட்டவில்லை. கைதட்டல் எங்களுக்கு இன்னும் பிந்தி வந்தது.

மாசியில் நான் சமையல் படித்தேன். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுறாப்புட்டு. தலையணையைக் குழந்தை மாதிரி பிடிக்கச் சொல்லி, கழுத்துக்குக் கீழே கை வைக்க வைத்தாள். பக்கத்து வீட்டார் பார்த்துச் சிரித்தார்கள். என் தங்கச்சி வந்து இவளுக்குத் துணையாக இருக்கச் சம்மதித்தாள். பங்குனிக்கு முன்னாலேயே நான் போய்ச் சேர்ந்தேன். பொட்டலங்களை ஏர்போர்ட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. இப்போது நான் மகள் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன். போனில் என் சம்சாரம், பின்னால் சாமி அலமாரி. நான் கேட்பேன், "சாப்பிட்டியா?" அவள் இன்னும் கேட்காத முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தவளை நான் இப்படி நிதானமாகப் பார்த்ததில்லை. பதில் வருவதற்கு முன்னால் அந்த முகத்தில் இருப்பது என்ன என்று என் மகள் எத்தனை நாள் காலையில் பார்த்திருப்பாள்!

பேத்தி பிறந்தாள். அம்பாள் புண்ணியத்தில் இரண்டு உயிரும் நலம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் நான் வைத்த ரசம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் படுக்கையில் சாய்ந்திருந்தாள். போன் தலையணைமேல் இருந்தது, அதில் என் சம்சாரம். திடீரென்று குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. மகள் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பிள்ளை உடனே அடங்கிவிட்டது. அறை அமைதியாயிற்று.

அப்போதுதான் அந்த அழுகை எங்கள் ஊரில் போய்ச் சேர்ந்தது. என் சம்சாரம் போனை நோக்கிக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, "ஏன்டி தங்கம், யாரு அடிச்சா? ஆத்தா இங்கதான இருக்கேன், அழுவக் கூடாது, அழுவக் கூடாது என் கண்ணு" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

ஒரு கண் இமைக்கிற நேரத்தில் அழுகை நின்றது அவளுக்கும் கேட்டுவிட்டது. அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "பாத்தீங்களா, என் குரலைக் கேட்டதும் அடங்கிருச்சு!"

என் மகள் அறை வாசலில் கரண்டியோடு நின்ற என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஆமாம்மா, உன் குரலுக்குத்தான்" என்றாள்.

அந்தப் பதில் ஒரு துளிகூடப் பிந்தவில்லை.